ஜன்னல் இப்போது திறந்திருக்கிறதா?

'மாஷா ஓபன்ட் தி விண்டோ.' மாஷா ஜன்னலைத் திறந்தாள். இவ்வளவு சின்ன ஆங்கில வாக்கியத்தை ரஷ்ய மொழியில் எழுத உட்கார்ந்தால் வினைச்சொல்லிலேயே கை நின்றுவிடும். 'திறந்தாள்' என்பதற்கு அங்கே இரண்டு சொற்கள்: அத்கிரீலா, அத்கிரிவாலா. இரண்டும் இறந்தகாலம்தான். முதலாவது நிறைவு வடிவம், அடுத்தது நிறைவுறா வடிவம். இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். தமிழில் 'திறந்துவிட்டாள்' என்று அழுத்திச் சொல்லலாம், வெறும் 'திறந்தாள்' என்றும் நிறுத்திக்கொள்ளலாம். ரஷ்ய மொழியில் அந்தச் சலுகை கிடையாது.

நிறைவுறா வடிவம் என்றதும் வேலை பாதியில் நின்றுபோனது என்று நினைத்துவிடுவோம். தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். அறை சில்லென்று இருக்கிறது. ஏன் என்று கேட்கிறார் ஒருவர். ஜன்னல் இன்னும் திறந்தே கிடந்தால் பதில் 'அத்கிரீலா'. மாஷா திறந்தாள், திறந்த நிலை நீடிக்கிறது. ஜன்னல் சாத்தியிருக்க, குளிர் மட்டும் மிஞ்சியிருந்தால் 'அத்கிரிவாலா'. இங்கேயும் அவள் முழுசாகத்தான் திறந்தாள். ஆனால் பிறகு மூடியாகிவிட்டது. திறந்தது நடந்தது என்பது மட்டும்தான் செய்தி. ஆங்கில வாக்கியம் இதைச் சொல்வதில்லை. அதனால் மொழிபெயர்ப்பாளர் முன்பின் வரிகளைப் படித்து, ஜன்னல் இப்போது எப்படி இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

இந்தச் சோதனை பேச்சுக்குப் பொருந்தும். கதையில் வேறு கணக்கு. மாஷா உள்ளே வந்தாள், உட்கார்ந்தாள், ஜன்னலைத் திறந்தாள் என்று நிகழ்ச்சிகள் வரிசையாக நகர்ந்தால், அவள் அடுத்த பக்கத்தில் ஜன்னலை மூடினாலும் 'அத்கிரீலா'தான். அதே வாக்கியத்தில் 'தினமும் காலையில்' என்று சேர்ந்துவிட்டால் 'அத்கிரிவாலா'. வழக்கமாக நடந்த செயலுக்கு இறந்தகாலத்தில் நிறைவுறா வடிவமே வரும்.

தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தேர்வு நல்ல எடுத்துக்காட்டு. இவான் நேற்று தேர்வு எழுதினான் என்பதை ஆங்கிலத்தில் 'டுக் தி எக்ஸாம்' என்பார்கள். முடிவு என்ன என்று அதில் இல்லை. ரஷ்ய மொழியில் அதற்கு நிறைவுறா வடிவமான 'ஸ்தவால்' வேண்டும். எழுதி முடித்துவிட்டானே என்று நிறைவு வடிவமான 'ஸ்தால்' போட்டால், கேட்பவர் இவான் தேறிவிட்டான் என்றே எடுத்துக்கொள்வார். இந்த வினையில் நிறைவு என்பது விடைத்தாளைக் கொடுப்பதல்ல, தேர்ச்சி பெறுவது. எதிர்மறையில் இடைவெளி இன்னும் அகலம். 'நி' என்ற மறுப்புச் சொல்லை முன்னால் வைத்து 'நி ஸ்தால்' என்றால் இவான் தேறவில்லை. 'நி ஸ்தவால்' என்றால் தேர்வே எழுதவில்லை.