அதே ஒரு டம்ளர் கஞ்சி

"போதும்மா, வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று நாலு வாயோடு தட்டைத் தள்ளிவிடும் பெரியவர்கள் பெரும்பாலும் பிடிவாதம் பிடிப்பதில்லை. வயது ஏற ஏற இரைப்பை முன்போல விரிந்து கொடுப்பதில்லை. சாப்பிட்டது குடலுக்கு இறங்கவும் நேரம் பிடிக்கிறது. அதனால் கொஞ்சம் உள்ளே போனதுமே நிறைந்துவிட்டது போலிருக்கும். மணம் அறியும் திறன் குறைவதால் ருசியும் மங்கிப்போகிறது.

இந்த நேரத்தில் "எளிதில் செரிக்கட்டும்" என்று நீர்க்கக் கஞ்சி வைத்துக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். பாசத்தோடு செய்வதுதான், ஆனால் அங்கேதான் சிக்கல். ஒரு டம்ளர் நீர்த்த கஞ்சியில் அரிசி 20 கிராம் இருந்தால், கிடைப்பது சுமார் 70 கலோரி, ஒன்றரை கிராம் புரதம். வயிறு நிறையும், உடம்பு இளைக்கும்.

அதே டம்ளரை மாற்றிப் பாருங்கள். இரண்டு மேசைக்கரண்டி பால்பவுடரைச் சிறிது வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சியில் ஊற்றுங்கள். நேரடியாகக் கொட்டினால் திரிதிரியாக நிற்கும், அவர்களும் ஒதுக்கிவிடுவார்கள். மேலே ஒரு தேக்கரண்டி நெய், நெய்யிலேயே பொரித்த சீரகம், மிளகு, கறிவேப்பிலை. இப்போது கலோரி ஏறத்தாழ 190, புரதம் 5 கிராமுக்கும் மேல். டம்ளரின் அளவு அப்படியேதான் இருக்கிறது. தாளித்த வாசனை மங்கிய நாக்கையும் கொஞ்சம் எழுப்பும்.

இட்லிக்கு நல்லெண்ணெயில் குழைத்த வேர்க்கடலைப் பொடி, பருப்புச் சாதத்தில் மசித்த முட்டை என்று இதே வழியில் போகலாம். மூன்று வேளைப் பெரிய சாப்பாட்டுக்குப் பதில் இரண்டரை, மூன்று மணிக்கொரு தரம் சிறு கிண்ணம். தண்ணீரும் ரசமும் முன்னால் குடித்தால் இடத்தை அடைத்துக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு கொடுங்கள்.

இளைப்பை ரவிக்கையும் வளையலும் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆனாலும் மாதம் ஒருமுறை ஒரே எடை இயந்திரத்தில் நிறுத்துக் குறித்து வையுங்கள். 50 கிலோ இருந்தவர் முயற்சியில்லாமல் ஆறு மாதத்தில் 47.5 கிலோவுக்கு வந்தால், அது 5 சதவீத இழப்பு. "வயசானா அப்படித்தான்" என்று விடக்கூடாத எல்லை அது. கால் வீங்கியிருந்தால் நீர் எடை இளைப்பை மறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நெய்யும் பால்பவுடரும் காரணத்தைக் குணமாக்காது. பொருந்தாத பல்செட், மலச்சிக்கல், மனச்சோர்வு, தைராய்டு, காசநோய், புற்றுநோய் என எதுவும் பின்னால் இருக்கலாம். மெட்ஃபார்மின் போன்ற மாத்திரைகளும் பசியைக் குறைப்பதுண்டு. அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரக நோயாளிக்குப் பால்பவுடரும் கூடுதல் புரதமும் மருத்துவரைக் கேட்டுத்தான். விழுங்கும்போது இருமல் வந்தாலோ புரையேறினாலோ அதை முதலில் காட்ட வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது எடை குறித்த தாளையும், வீட்டிலுள்ள மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.