பேட்டரி கொடுக்கிறதா, வாங்குகிறதா?

பழைய புல்லட்டில் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அம்மீட்டர் இருக்கும். நடுவில் 0, ஒரு பக்கம் கூட்டல் குறி, மறு பக்கம் கழித்தல் குறி. கிக் ஸ்டார்ட் மட்டுமே இருந்த காலத்தில் வண்டியைக் கிளப்பத் தெரிந்தவர்கள் இதைப் பார்க்காமல் உதைக்க மாட்டார்கள். சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெல்ல அமுக்குவார்கள். பாயின்ட் மூடியிருக்கும்வரை இக்னிஷன் காயில் பேட்டரியிலிருந்து மின்னோட்டம் இழுக்கும். முள் கழித்தல் பக்கம் சாயும். பாயின்ட் திறந்ததும் முள் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் அமுக்கத்தின் உச்சிக்கு அருகில் வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். பிறகு டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, லீவரை விட்டு, ஒரே உதை.

என்ஜின் ஓடத் தொடங்கி வேகம் பிடித்ததும் முள் கூட்டல் பக்கம் போகும். இப்போது ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகிறது. ஸ்லோவில் நிற்கும்போது ஹெட்லைட்டைப் போட்டால் முள் மறுபடி கழித்தல் பக்கம் இறங்கும். பிரேக் மிதித்தால் பின்விளக்குக்காகவும் ஒரு துடிப்புத் துடிக்கும். பேட்டரிக்குள் போவது கூட்டல், பேட்டரியிலிருந்து வருவது கழித்தல். மின்சுற்றுப் பாடத்தில் முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் ‘பாசிவ் சைன் கன்வென்ஷன்’ என்ற குறி மரபும் இதுதான். புத்தகத்தில் படிக்கும்போது வறட்டு விதியாகத் தெரிவது, அந்த மீட்டரில் முள்ளாக ஆடுகிறது.

விதி இவ்வளவே. இரண்டு முனை கொண்ட ஏதாவது ஓர் உறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: பல்பு, காயில், பேட்டரி, எதுவானாலும் சரி. ஒரு முனைக்குக் கூட்டல், மற்றதற்குக் கழித்தல் என்று குறியிடுங்கள். மின்னோட்டத்தின் அம்பைக் கூட்டல் முனை வழியாக உள்ளே நுழைவதுபோல வரையுங்கள். இனி அழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால், அதாவது p = v × i, கிடைக்கும் எண் கூட்டலாக வந்தால் அந்த உறுப்பு ஆற்றலை வாங்குகிறது. கழித்தலாக வந்தால் கொடுக்கிறது.

ஏன் கூட்டல் முனை வழியாக நுழைய வேண்டும்? ஒரு கூலோம் மின்னூட்டம் 12 வோல்ட் உயரத்திலிருந்து 0 வோல்ட்டுக்கு இறங்கினால் 12 ஜூல் ஆற்றலை இழக்கிறது. இறங்கும் வழியில் இருக்கும் உறுப்புதான் அந்த 12 ஜூலைப் பெற்றுக்கொள்கிறது. பல்பு அதை ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியே விடும். பேட்டரி அதை வேதிப்பொருளில் சேர்த்துவைக்கும். மின்னூட்டம் கீழிருந்து மேலே ஏறி, கூட்டல் முனை வழியாக வெளியே வந்தால், ஏற்றிவிட்ட ஆற்றலை உறுப்புதான் தந்திருக்க வேண்டும். ‘உண்மையில் ஓடுவது எலெக்ட்ரான்தானே, அது எதிர்த்திசையில் அல்லவா போகிறது?’ என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் திசை மாறும்போது மின்னூட்டத்தின் குறியும் மாறிவிடுவதால் பெருக்கலில் எதுவும் மாறாது.

மற்ற உறுப்புகளைவிட பேட்டரிக்கு இந்த மரபு அதிகம் தேவைப்படுகிறது. பல்பு எப்போதும் வாங்கும், அதில் சந்தேகமே இல்லை. பேட்டரியின் கூட்டல் முனையோ கொடுக்கும்போதும் வாங்கும்போதும் கூட்டல் முனையாகவே இருக்கிறது. மல்டிமீட்டரில் வோல்ட் மட்டும் பார்த்தால் இரண்டு நிலையிலும் கூட்டல் எண்தான் வரும். எந்தப் பக்கம் ஆற்றல் போகிறது என்பதை மின்னோட்டத்தின் குறி ஒன்றே சொல்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கழற்றிய பேட்டரி ஒன்று கடையில் சார்ஜரில் கிடக்கிறது. சார்ஜர் 14.4 வோல்ட் தருகிறது. பேட்டரியின் உள்ளழுத்தம் 12.8 வோல்ட். வயர், கிளிப், பேட்டரியின் உள்தடை எல்லாம் சேர்ந்து 0.8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டலோடு கூட்டல், கழித்தலோடு கழித்தல் இணைந்திருக்கிறது. தடையின் இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடு 1.6 வோல்ட், அதை 0.8 ஆல் வகுத்தால் 2 ஆம்பியர், சார்ஜரிலிருந்து பேட்டரியை நோக்கி.

இப்போது விதியை ஒவ்வொன்றிலும் வைப்போம். பேட்டரியின் கூட்டல் முனையில் 2 ஆம்பியர் நுழைகிறது: 12.8 × 2 = 25.6 வாட். கூட்டல், ஆகவே வாங்குகிறது. தடையில் 1.6 × 2 = 3.2 வாட், அதுவும் வாங்குகிறது. அது வெறும் சூடு. சார்ஜரின் கூட்டல் முனையிலிருந்து 2 ஆம்பியர் வெளியேறுகிறது. உள்ளே நுழையும் அம்பின்படி அது −2. ஆகவே 14.4 × (−2) = −28.8 வாட், கொடுக்கிறது. மூன்றையும் கூட்டினால் 25.6 + 3.2 − 28.8 = 0. கணக்கு நேராகிவிட்டது.

இந்தக் கணக்கில் சார்ஜர் கொடுக்கும், பேட்டரி வாங்கும் என்பது நமக்கு முன்பே தெரியும். தெரியாத சுற்றில் என்ன செய்வது? அம்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வரையலாம் என்பதுதான் இந்த மரபின் அருமை. வேண்டுமென்றே தலைகீழாக, பேட்டரியிலிருந்து சார்ஜருக்கு மின்னோட்டம் போவதாக வரையுங்கள். அதன் மதிப்பு (12.8 − 14.4) ÷ 0.8 = −2 ஆம்பியர் என்று வரும். இந்த அம்பு சார்ஜரின் கூட்டல் முனையில் நுழைகிறது: 14.4 × (−2) = −28.8. பேட்டரியின் கூட்டல் முனையிலிருந்து வெளியே வருவதால் அங்கே குறியை ஒருமுறை மாற்ற வேண்டும்: −12.8 × (−2) = +25.6. அதே விடை. அம்பைத் தப்பாக ஊகித்தது குற்றமில்லை. கழித்தல் குறி வந்து திருத்திவிடுகிறது.

மாணவர்கள் இடறுவது ஓம் விதியில்தான். V = IR என்பது மனப்பாடமாகி நாக்கிலேயே இருக்கும். ஆனால் அந்த வடிவம் அம்பு கூட்டல் முனையில் நுழையும்போது மட்டுமே செல்லும். வெளியேறும் அம்பாக இருந்தால் V = −IR. மேலே உள்ள சுற்றில் தடையின் சார்ஜர் பக்கத்துக்குக் கூட்டல் போட்டு, அம்பை மட்டும் பேட்டரியிலிருந்து வருவதாக வரைந்துவிட்டு, கழித்தல் குறியை மறந்து V = IR எழுதினால் என்ன ஆகும்? மின்னோட்டம் +2 என்று வரும். அதாவது பேட்டரியிலிருந்து சார்ஜருக்கு 2 ஆம்பியர் போகிறதாம்! பேட்டரி −25.6 வாட், சார்ஜர் +28.8 வாட், தடையை +3.2 என்று எழுதினால் கூட்டுத்தொகை 6.4. பூஜ்யம் வரவில்லை. எங்கோ குறி புரண்டிருக்கிறது என்று அந்த 6.4 காட்டிக்கொடுக்கிறது, அது 3.2 இன் சரியான இரண்டு மடங்கு என்பதால், எந்த உறுப்பில் தவறு என்றும் கிட்டத்தட்டச் சொல்லிவிடுகிறது.

கூட்டுத்தொகை பூஜ்யமாக வர வேண்டும் என்பது இந்த ஒரு சுற்றுக்கு மட்டும் உரியதல்ல. நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த பெர்னார்ட் டெல்லகன் 1952இல் இதைப் பொதுத் தேற்றமாகவே வெளியிட்டார். சுற்றில் இருப்பது தடையா, டயோடா, மோட்டாரா என்று தேற்றம் கேட்பதில்லை. கிர்ச்சாஃபின் இரு விதிகளும் பொருந்தி, எல்லா உறுப்புகளுக்கும் ஒரே குறி மரபு வைத்திருந்தால் போதும். ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் ஓட்டை உண்டு. எல்லா உறுப்புகளுக்கும் ஒருசேர அம்பைத் தலைகீழாக வைத்துவிட்டால், எல்லாக் குறிகளும் சேர்ந்தே புரளும். கூட்டுத்தொகை அப்போதும் பூஜ்யம்தான். அதனால் நான் முதலில் தடைகளைப் பார்ப்பேன். சாதாரணத் தடை ஆற்றலைக் கொடுக்கவே முடியாது. அதன் திறன் கழித்தலாக வந்திருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை, முதலிலிருந்து குறியிட வேண்டியதுதான்.

இதே சுற்றைக் கணினியில் போட்டால் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973இல் வெளியான ஸ்பைஸ் நிரலும், அதன் வழிவந்த ngspice போன்றவையும், வோல்ட்டேஜ் சோர்ஸுக்கும் பாசிவ் மரபையே பின்பற்றுகின்றன:

```
charger and battery
V1 a 0 14.4
R1 a b 0.8
V2 b 0 12.8
.op
.end
```

ஓட்டினால் `v1#branch` என்ற சார்ஜரின் மின்னோட்டம் −2 என்றும், `v2#branch` என்ற பேட்டரியின் மின்னோட்டம் +2 என்றும் வரும். சார்ஜர் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, மின்னோட்டம் ஏன் கழித்தலாக வருகிறது என்று முதல்முறை பார்ப்பவர் V1 இன் முனைகளை மாற்றிப் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு 14.4 வோல்ட்டும் 12.8 வோல்ட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து, தடையில் 27.2 வோல்ட் விழுந்து, 34 ஆம்பியர் காட்டும். கழித்தல் என்பது பிழைச் செய்தியல்ல. ‘இந்த உறுப்பு கொடுக்கிறது’ என்பதுதான் அதன் பொருள்.

இந்த மரபு சொல்லாத ஒன்றும் உண்டு. வாங்கிய ஆற்றல் என்ன ஆயிற்று என்று அது சொல்வதில்லை. நிரம்பிவிட்ட லெட்-ஆசிட் பேட்டரியைச் சார்ஜரிலேயே விட்டுவைத்தால், மீட்டர் அப்போதும் கூட்டல் பக்கமே நிற்கும். ஆனால் அந்த ஆற்றல் உள்ளே சேராது. தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துக்கொண்டிருக்கும். பேட்டரியில் தண்ணீர் மட்டம் இறங்குவதைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

குறி சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் மீட்டர் தானாகச் சொல்லாது. ஒயரிங்கை மாற்றும்போது அம்மீட்டரின் இரண்டு வயரும் இடம் மாறிப்போவது சகஜம். டிசி கிளாம்ப் மீட்டரிலும் தாடையில் ஓர் அம்பு பொறித்திருக்கும். மீட்டரைத் திருப்பி மாட்டினால் குறியும் திரும்பிவிடும். சந்தேகம் வந்தால், விடை நிச்சயமாகத் தெரிந்த ஒரு நிலையை உண்டாக்கிப் பார்ப்பதுதான் வழி. வண்டியில் என்ஜினை நிறுத்திவிட்டு 35 வாட் ஹெட்லைட்டைப் போடுங்கள். கொடுக்க பேட்டரியைத் தவிர வேறு ஆளில்லை. ஏறக்குறைய 3 ஆம்பியர், கழித்தல் பக்கம் காட்ட வேண்டும். கூட்டல் பக்கம் போனால் வயர் மாறியிருக்கிறது.

கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் இதைச் செய்யலாம். அதன் `BATTERY_PROPERTY_CURRENT_NOW` என்ற அளவீட்டில் பேட்டரிக்குள் நுழையும் மின்னோட்டம் கூட்டல், வெளியேறுவது கழித்தல் என்று கூகுளின் ஆவணம் வரையறுத்திருக்கிறது. அலகு மைக்ரோ ஆம்பியர். ஆனால் எல்லா போன்களும் அதன்படி நடப்பதில்லை. சிலவற்றில் சார்ஜ் ஏறும்போதே கழித்தல் வரும். பேட்டரி அளவீட்டு ஆப் காட்டும் எண்ணை நம்புவதற்கு முன், சார்ஜரைப் பிடுங்கித் திரை வெளிச்சத்தை முழுவதும் ஏற்றிவிட்டு, எந்தக் குறி வருகிறது என்று பாருங்கள். உங்கள் போனில் ‘கொடுக்கிறது’ என்பதற்கான குறி அதுதான்.