கதீட்டர் போடத் தெரியுமா? அன்று கையெழுத்து, இன்று பட்டியல்

கயத்தாறிலிருந்து திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ நர்சிங் படிக்கப் போன பிள்ளைகள், அன்று சிறுநீர்க் கதீட்டர் போடக் கற்றது வார்டில்தான். சிஸ்டர் செய்வதைப் பார்ப்பார்கள், உடன் நின்று உதவுவார்கள், பிறகு தாங்களே போடுவார்கள். லாக் புக்கில் எண்ணிக்கை நிறைந்ததும் கையெழுத்து விழும். எத்தனை முறை போட்டார் என்பது அதில் இருந்தது. எப்படிப் போட்டார் என்பது இல்லை.

இன்று ஆஸ்கி தேர்வு வந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் வெளியிட்ட முறை இது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. மாணவர் பொம்மை உடலில் கதீட்டர் போடுவார். ஆசிரியர் கையில் பட்டியலோடு கவனித்துக் குறிப்பார்.

அந்தப் பட்டியலை எழுதுவதுதான் கடினம். 'கிருமி படாமல் செய்தார்' என்று ஒரே வரியாக எழுதினால் ஓர் ஆசிரியர் 'சரி' போடுவார், இன்னொருவர் 'தவறு' போடுவார். கண்ணால் பார்க்கக்கூடிய செயல்களாக அதை உடைக்க வேண்டும்: ஸ்டெரைல் கையுறை போட்டபின் கட்டிலைத் தொடவில்லை, உறுப்பைப் பிடித்த கையால் கதீட்டரைத் தொடவில்லை, நுனி வேறெங்காவது பட்டதும் புதிய கதீட்டர் எடுத்தார். இப்படி எழுதினால் யார் பார்த்தாலும் பெரும்பாலும் ஒரே மதிப்பெண் வரும்.

அடுத்தது, எல்லாப் படிகளையும் ஒரே எடையில் வைக்கும் தவறு. ஆண் நோயாளிக்கான பட்டியலில் 20 படிகள், தேர்ச்சிக்கு 14 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவர் நோயாளியிடம் விளக்கிச் சம்மதம் பெறுகிறார், சைலோகெய்ன் ஜெல்லி செலுத்திச் சில நிமிடம் காத்திருக்கிறார், 16 அளவு கதீட்டரை மெல்லச் செலுத்துகிறார். பாதி உள்ளே போனதும், சிறுநீர் வருமுன்பே 10 மி.லி. தண்ணீர் ஏற்றிப் பலூனை உப்ப வைத்துவிடுகிறார். அவருக்கு 19 மதிப்பெண், தேர்ச்சி. ஆனால் பலூன் சிறுநீர்க்குழாய்க்குள் உப்பியிருக்கிறது. உண்மையான நோயாளியாக இருந்தால் குழாய் கிழிந்து ரத்தம் கொட்டியிருக்கக்கூடும்.

ஆகவே சில படிகளைக் கட்டாயப் படிகள் என்று தனியே குறிக்க வேண்டும். கிளை பிரியும் இடம்வரை கதீட்டரை உள்ளே செலுத்தி, சிறுநீர் வருவதைப் பார்த்த பிறகே பலூனை உப்ப வைக்க வேண்டும். வலித்தாலோ தடுத்தாலோ உடனே நிறுத்த வேண்டும். பின்தள்ளிய முன்தோலை முடிவில் முன்னே இழுத்துவிட வேண்டும். மறந்தால் அது இறுகி வீங்கிவிடும். இவற்றில் ஒன்று தவறினாலும், மொத்தம் எவ்வளவு இருந்தாலும் மறுதேர்வுதான்.

பட்டியலுக்கும் எல்லை உண்டு. பொம்மைக்கு வலிக்காது, பிராஸ்டேட் வீங்காது. அதனால் தேர்ச்சிக்குப் பிறகும் முதல் சில நோயாளிகளுக்குச் சிஸ்டர் பக்கத்தில் நிற்க வேண்டும். பட்டியல் எழுதும் ஆசிரியர்களே, அச்சிடுமுன் இரண்டு பேர் ஒரே மாணவரைத் தனித்தனியே மதிப்பிட்டுப் பாருங்கள். எந்த வரியில் மதிப்பெண் வேறுபடுகிறதோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.