உங்களுக்குத் தெரியுமா? வலிக்காத கறுப்புப் புண்ணும் உண்ணிக் காய்ச்சலும்

ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவது, உயர்ந்த புல்லிலும் புதரிலும் வாழும் சிகர் என்ற நுண்ணுண்ணியின் இளம்பருவப் புழுவாகும். வளர்ந்த உண்ணி மனிதரைக் கடிப்பதில்லை. ஏறத்தாழ 0.2 மி.மீ. அளவேயுள்ள இப்புழு உடலில் ஏறி, தோலின் திசுச்சாற்றை உறிஞ்சும்போது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியாவை உட்செலுத்திவிடுகிறது. கடித்தபோது வலி தெரியாததாலும், காய்ச்சல் பெரும்பாலும் 6 முதல் 21 நாள்களுக்குள் தொடங்குவதாலும், புல்வெளியில் நடந்ததை நோயாளி நினைவுகூர்வது அரிது.

வடகிழக்குப் பருவமழையை அடுத்த குளிர்மாதங்களில் தமிழகத்தில் மிகும் இந்நோய், கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி ஆகியவற்றால் டெங்குவைப் போலவே தோன்றும். இதைப் பிரித்துக்காட்டும் சிறந்த தடயம் எஸ்கார், அதாவது கடிவாயில் உருவாகும், சிகரெட் சுட்ட தழும்பை ஒத்த கறுப்புப் பொருக்கு. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி போன்ற மறைவிடங்களில் அது ஒளிந்திருப்பதால் முழு உடலையும் தேடிப் பார்ப்பது அவசியம். எனினும் எல்லாருக்கும் அது தோன்றுவதில்லை.

குருதியில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை முதல் வாரத்தில் பொய்யாக 'இல்லை' எனக் காட்டக்கூடும் என்பதால், ஐயம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர்கள் டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் தொடங்குகின்றனர். பென்சிலின் இதற்குப் பயன்படாது. சிகிச்சை தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியன பாதிக்கப்படலாம்.

தடுப்பூசி இல்லாத நிலையில், புல்வெளிக்குச் செல்வோர் முழுக்கால், முழுக்கை ஆடையணிந்து, வெற்றுத்தரையில் அமராமல், திரும்பியவுடன் சோப்பிட்டுக் குளித்து, அணிந்த துணியை வெந்நீரில் துவைக்க வேண்டும்; பின்னர் காய்ச்சல் கண்டால், புல்லில் நடந்ததை மருத்துவரிடம் தாமாகவே தெரிவிக்க வேண்டும்.