பெட்டி வரவில்லையா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி

2024 பிப்ரவரியில் இந்தியாவின் ஏழு விமான நிறுவனங்களுக்கு விமானப் பாதுகாப்புப் பணியகமான பி.சி.ஏ.எஸ். ஓர் உத்தரவு போட்டது. விமானம் வந்து நின்று இன்ஜின் அணைந்த 10 நிமிடத்துக்குள் முதல் பெட்டி பெல்ட்டுக்கு வந்துவிட வேண்டும், 30 நிமிடத்துக்குள் கடைசிப் பெட்டியும் வந்திருக்க வேண்டும் என்பதுதான் அது. ஆகவே, தரையிறங்கிப் பத்து நிமிடமாகியும் பெல்ட் வெறுமையாகச் சுற்றினால் அதில் கவலைப்பட எதுவும் இல்லை. முக்கால் மணி நேரமாகி, உடன் வந்தவர்கள் எல்லாரும் போய்விட்ட பிறகும் பெட்டி வராவிட்டால் என்ன செய்வது? அதற்கு அந்தப் பெட்டி கவுன்ட்டரிலிருந்து எப்படிப் பயணம் செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பத்து இலக்கம்தான் பெயர்

செக்-இன் கவுன்ட்டரில் கைப்பிடியில் ஒட்டப்படும் நீளமான டேக்கில் பார்கோடும் பத்து இலக்க எண்ணும் இருக்கும். முதல் இலக்கம் பெட்டியின் வகையைச் சொல்கிறது. சாதாரணப் பெட்டி என்றால் பெரும்பாலும் 0. அடுத்த மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிப்பவை: ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176, ஸ்ரீலங்கனுக்கு 603. கடைசி ஆறும் வரிசை எண். பயணியின் பெயர், எந்த விமானம், எங்கே மாற வேண்டும் என்பதெல்லாம் இந்த எண்ணோடு சேர்ந்து விமான நிலையத்தின் கணினிக்குத் தனிச் செய்தியாகப் போய்விடும். கவுன்ட்டரைத் தாண்டியபின் இயந்திரங்களுக்கு உங்கள் பெட்டியின் நிறமோ அதில் கட்டிய சிவப்பு ரிப்பனோ தெரியாது. இந்த எண் மட்டும்தான் தெரியும்.

பெல்ட் முதலில் பெட்டியை எக்ஸ்ரே இயந்திரத்துக்குக் கொண்டுபோகிறது. படத்தில் சந்தேகம் எழுந்தால் பெட்டி தனிப் பாதையில் திரும்பி இன்னொரு சோதனைக்குப் போகும். அப்போதும் தெளிவாகாவிட்டால் பயணியை அழைத்துத் திறந்து பார்ப்பார்கள். பவர் பேங்க், லைட்டர், கொப்பரைத் தேங்காய் ஆகியவை செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாதவை. ஊரிலிருந்து பிள்ளைகளுக்கு எடுத்துப்போகும் கொப்பரை எண்ணெய்ச்சத்து மிகுந்தது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. அதனால்தான் அது தடைப் பட்டியலில் இருக்கிறது. இப்படி நிறுத்தப்பட்ட பெட்டியின் உரிமையாளர் உரிய நேரத்தில் வந்து திறந்து காட்டாவிட்டால், விமானம் பெட்டியை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.

சோதனை முடிந்த பெட்டியின் பார்கோடை ஸ்கேனர்கள் படித்து, அந்தந்த விமானத்துக்கான இடத்தில் தள்ளிவிடுகின்றன. அங்கிருந்து மனிதக் கைகளின் வேலை. அகன்ற உடல் கொண்ட பெரிய விமானம் என்றால், லோடர்கள் பெட்டிகளை அலுமினியக் கன்டெய்னர்களில் அடுக்குவார்கள். ஒரு கன்டெய்னரில் முப்பது நாற்பது பெட்டிகள் போகும். சென்னை–டெல்லி தடத்தில் பறப்பதுபோன்ற சிறிய விமானங்களில் பெட்டிகளைப் பெரும்பாலும் அப்படியே வயிற்றறைக்குள் அடுக்குகிறார்கள். நிமிர்ந்து நிற்க முடியாத அந்த அறையில் லோடர்கள் குனிந்தும் முழங்காலிட்டும் ஒவ்வொன்றாக நகர்த்துகிறார்கள்.

இறங்கிய பிறகு ஏன் நேரமாகிறது?

வந்த பெட்டி பெல்ட்டுக்கு வரத் தாமதமாவதற்குக் காரணங்கள் எளியவை. விமானம் முனையத்திலிருந்து தொலைவில் நிறுத்தப்பட்டிருக்கலாம். ஒரே நேரத்தில் மூன்று விமானங்கள் இறங்க, இழுவை வண்டியும் ஆட்களும் போதாமல் போகலாம். அருகே மின்னல் வெட்டினால் திறந்தவெளியில் வேலை செய்பவர்களை உள்ளே அழைத்துக்கொள்வார்கள். மின்னல் ஓயும்வரை வயிற்றறைக் கதவைத் திறக்கவே மாட்டார்கள். வேறு விமானத்துக்கு மாற வேண்டிய பெட்டிகளுக்கு நேரம் குறைவு என்பதால் அவற்றை முதலில் எடுத்துப் போவதும் உண்டு.

இந்தியாவுக்குள் வரும் சர்வதேச விமானங்களில் இன்னொரு படியும் இருக்கிறது. பெட்டிகள் பெல்ட்டுக்கு வரும் முன்பே சுங்கத்துறை அவற்றை எக்ஸ்ரேயில் பார்ப்பதுண்டு. ஐயம் தரும் பெட்டியில் சாக்பீஸால் குறியிட்டு அனுப்புவார்கள். இவை எல்லாம் நிமிடக் கணக்கில் தீரக்கூடியவை. கயிறு கட்டிய பெரிய அட்டைப்பெட்டி, குழந்தையின் தள்ளுவண்டி போன்றவை பெல்ட்டில் வராமல் தனிக் கதவு வழியே வரக்கூடும். அந்த மூலையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உண்மையான சிக்கல், மாறும் இடத்தில்

விமானத் துறைக்குத் தொழில்நுட்ப வசதிகள் வழங்கும் சிட்டா நிறுவனம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2007இல் உலக அளவில் ஆயிரம் பயணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் சிக்கலுக்கு உள்ளாயின. 2023இல் அது 7 ஆகக் குறைந்தது. அந்த ஏழிலும் பெரும்பாலானவை தாமதமாக வந்தவையே. தாமதத்துக்கு முதல் காரணம், ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தவறிப்போவது.

எப்படித் தவறுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். ஒருவர் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து துபாய் வழியாகச் சென்னை வருகிறார். டிக்கெட்டில் இடைவெளி 1 மணி 45 நிமிடம். முதல் விமானம் 50 நிமிடம் தாமதமாக இறங்குகிறது. மீதி 55 நிமிடம். அவர் கதவு திறந்ததும் வேகமாக நடந்து, பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, அரை மணி நேரத்தில் அடுத்த கேட்டைப் பிடித்துவிடுகிறார். பெட்டி அப்படி ஓட முடியாது. கன்டெய்னரை இறக்கவே கால் மணி நேரம் போகிறது. அதைப் பிரிப்பிடத்துக்கு இழுத்துவர வேண்டும், மறுபடி எக்ஸ்ரே பார்க்க வேண்டும், பார்கோடைப் படித்துச் சென்னைக்கான இடத்தில் தள்ள வேண்டும், பிறகு வண்டியில் ஏற்றி விமானத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும். சென்னை விமானத்தின் வயிற்றறையோ புறப்படும் நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்பே மூடப்படுகிறது. பயணி இருக்கையில் அமர்ந்து பெல்ட் போடும்போது அவருடைய பெட்டி இன்னும் பிரிப்பிடத்தில்தான் இருக்கிறது.

இப்படித் தங்கிவிட்ட பெட்டிக்குப் புதிதாக ‘ரஷ்’ டேக் ஒட்டுவார்கள். அதன் எண் 2 என்று தொடங்கும். கூடுதல் சோதனைக்குப் பிறகு அடுத்த விமானத்தில் அது பயணி இல்லாமலே வரும். இதற்கு நேர்மாறான விதியும் இருக்கிறது. பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பயணி ஏறாவிட்டால், அந்தப் பெட்டியைத் தேடி எடுத்து இறக்கிய பிறகே விமானம் புறப்பட வேண்டும். 1985 ஜூன் 23 அன்று 329 உயிர்களைப் பறித்த ஏர் இந்தியா ‘கனிஷ்கா’ விமானத்துக்குள் குண்டு வந்தது, ஆள் ஏறாமல் பெட்டி மட்டும் ஏறிய வழியில்தான்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

பெல்ட் நின்று, திரையிலிருந்து உங்கள் விமானத்தின் பெயர் மறைந்துவிட்டது என்றால் காத்திருப்பதில் பயனில்லை. வெளியே போகாமல், அங்கேயே உள்ள லக்கேஜ் சேவைக் கவுன்ட்டருக்குச் செல்லுங்கள். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தந்த டேக் துண்டைக் காட்டி ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தப் பெட்டி கடைசியாக எங்கே ஸ்கேன் ஆனது?”

2018 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள ஐ.ஏ.டி.ஏ. தீர்மானம் 753, பெட்டியை நான்கு இடங்களிலாவது பதிவு செய்யச் சொல்கிறது: பெற்றுக்கொள்ளும்போது, விமானத்தில் ஏற்றும்போது, இடையில் கைமாறும்போது, பயணியிடம் திருப்பித் தரும் இடத்தில். கவலையின் அளவை இந்தப் பதிவுகளே சொல்லும். கடைசிப் பதிவு துபாய் என்றால் பெட்டி துபாயில் இருக்கிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு தேடி வரும். நிம்மதியாகப் போகலாம்.

பெட்டி சென்னைக்கே வந்துவிட்டதாகப் பதிவு சொல்லி, பெல்ட்டில் மட்டும் இல்லை என்றால் உடனே பரபரக்க வேண்டும். அதே நிறப் பெட்டி வைத்திருந்த யாரோ மாற்றி எடுத்துப் போயிருக்கலாம். யாரும் கேட்காமல் அதேபோன்ற ஒரு பெட்டி பெல்ட்டருகே நிற்கிறதா என்று ஊழியரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் டேக்கை வைத்து மாற்றி எடுத்தவரை அழைத்துவிட முடியும்.

மூன்றாவது நிலைதான் கடினமானது. கவுன்ட்டரில் கொடுத்த பிறகு எங்குமே பதிவில்லை என்றால் டேக் கிழிந்து விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். பெட்டி ஏதோவொரு கிடங்கில் பெயரில்லாமல் கிடக்கும். அப்போது அடையாளம் காட்டப்போவது உள்ளே இருக்கும் பொருள்கள்தான். ‘துணிமணி’ என்று எழுதிக் கொடுத்தால் பயனில்லை. ‘மேலே பச்சைக் காஞ்சிபுரம் பட்டு, பக்கவாட்டுப் பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு’ என்று எழுதுங்கள்.

எந்த நிலையானாலும் பி.ஐ.ஆர். எனப்படும் புகார்ப் படிவத்தைப் பதிவு செய்யாமல் அந்தக் கூடத்தைவிட்டு வராதீர்கள். MAAXX12345 என்ற வடிவில் ஒரு குறிப்பெண் தருவார்கள்: விமான நிலையம், நிறுவனத்தின் ஈரெழுத்து, ஐந்து எண்கள். பெட்டியைத் தேடும் ‘வேர்ல்டு டிரேசர்’ அமைப்பில் அதுதான் சாவி. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். பெட்டி வரவில்லை என்று நிறுவனத்திடம் சான்று வாங்கி, பயன்படுத்தாமல் மீந்த வரிவிலக்கு அளவைக் குறிப்பிட்டுச் சுங்க அதிகாரியிடம் கையொப்பம் பெறுங்கள். அது இருந்தால்தான் பின்னால் வரும் பெட்டிக்கும் உங்கள் வரிவிலக்கு செல்லும்.

அதன்பிறகு நாள்கணக்கு. இரண்டு நாளாகியும் இருக்குமிடம் தெரியாவிட்டால் தினமும் கேளுங்கள்; வாங்க நேர்ந்த அவசியப் பொருள்களின் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். இந்தியாவும் ஏற்றுள்ள மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சர்வதேசப் பயணத்தில் 21 நாள் தாண்டினால் பெட்டி தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். 2024 டிசம்பர் 28 முதல் உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர்.; ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். இது உச்சவரம்பு மட்டுமே, இழப்பை நீங்கள்தான் காட்ட வேண்டும். பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். வாய்ப்பேச்சு கணக்கில் வராது.

அடுத்த பயணத்துக்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். பழைய டேக்குகளையும் குட்டி ஸ்டிக்கர்களையும் கிழித்தெறியுங்கள்; ஸ்கேனர் தவறான எண்ணைப் படித்துவிடக்கூடும். பெட்டிக்குள் மேலாக உங்கள் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய தாளை வையுங்கள். மூடும் முன் திறந்த பெட்டியை ஒரு படமும், கவுன்ட்டரில் புது டேக்கை ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து, நகை, சான்றிதழ் மூன்றும் எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் கைப்பையை விட்டுப் போகக் கூடாது.