பொன்னாடைக்குப் பிறகு ஒரு கேலிச்சித்திரம்

தமிழக அரசு ஊழியர்கள் பெரும்பாலும் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார்கள். பணி நிறைவு விழாவில் பொன்னாடையோடு கேலிச்சித்திரமும் பரிசாகத் தரலாம். அதைக் கெடுப்பது பெரும்பாலும் ஓவியர் அல்ல, நாம் கொடுக்கும் புகைப்படம்தான்.

அடையாள அட்டைப் படம் வேண்டாம். நேர்ப்பார்வையில் மூக்கின் நீளமும் தாடையின் வளைவும் தட்டையாகிவிடும். ஆயுத பூஜையன்று சற்றே பக்கவாட்டில் திரும்பிச் சிரித்த படம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நுணுக்கம் குறையும்.

எதை மிகைப்படுத்துவது? வழுக்கை, தொப்பை, நிறம் கூடவே கூடாது. அவரே சொல்லிச் சிரிக்கும் பழக்கம் ஒன்று போதும். கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் சிவப்புப் பேனா. படத்தில் அந்தப் பேனாவை ஆளுயரத்துக்கு வளர்த்துவிடலாம்.

துணியை விலக்கும்முன் பேசுங்கள். படத்தைக் காட்டிய பிறகு பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

“சார், உங்க சிவப்பு மையைப் பார்த்து நாங்க பயந்தோம். ஆனா ஒரு தடவைகூட எங்க பில் கருவூலத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. அந்தப் பேனாவை உங்ககிட்டயே திருப்பித் தர்றோம்.”

இவ்வளவு சொல்லிவிட்டுத் துணியை இழுங்கள். ஆனால் முதல் நாளே அவர் வீட்டில் ஒருவரிடம் படத்தைக் காட்டிவிடுங்கள். அவர்கள் முகம் சுளித்தால் பொன்னாடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.