கைப்பேசி வீடியோவில் நழுவும் நேரம்

வீடியோ என்பது அடுத்தடுத்து எடுத்த நிழற்படங்களின் வரிசை. ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். கைப்பேசியின் அமைப்பில் ‘நொடிக்கு 30 பிரேம்’ என்று இருந்தாலும், பல கைப்பேசிகளுக்கு அது ஓர் இலக்குதான். உண்மையில் எந்தப் பிரேம் எந்த நொடியில் திரைக்கு வர வேண்டும் என்ற நேரக்குறி, ஒவ்வொரு பிரேமுக்கும் தனித்தனியாகக் கோப்பிலேயே பதிவாகிறது. வீடியோ ஓட்டும் செயலி அந்தக் குறிகளைப் பார்த்து ஓட்டுவதால் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. அசைவை அளக்கும் மென்பொருள்களில் பல அவற்றைப் பார்ப்பதே இல்லை. பிரேம்களை எண்ணி, அந்த எண்ணிக்கையை ஒரே ஒரு பிரேம் வேகத்தால் வகுத்து ‘நேரம்’ என்று எழுதிவிடுகின்றன. பிழை அங்கேதான் நுழைகிறது.

பிரேம் வேகம் மாறுவதற்கு முதல் காரணம் வெளிச்சம். நொடிக்கு 30 பிரேம் எடுக்கும்போது ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 33 மில்லிநொடி. அதற்கு மேல் ஒளியைச் சேகரிக்க வழியில்லை. அறை இருட்டானால் படம் கறுத்துவிடும். அதைத் தவிர்க்கக் கைப்பேசி தானாகவே நொடிக்கு 24 பிரேமுக்கு இறங்குகிறது. அப்போது ஒரு படத்துக்கு ஏறத்தாழ 42 மில்லிநொடி கிடைக்கிறது, படம் தெளிகிறது. ஐபோனில் இதற்கு Auto FPS என்ற அமைப்பே உண்டு. ஆண்ட்ராய்டு கேமராச் செயலிகள் ‘15 முதல் 30 வரை’ என்பதுபோல ஒரு வரம்பைக் கொடுத்து, அதற்குள் மாறிக்கொள்ள கேமராவை விட்டுவிடலாம். கைப்பேசி சூடேறினாலோ வேலைப்பளு கூடினாலோ ஓரிரு பிரேம்கள் விட்டுப்போவதும் உண்டு. குடும்ப விழாவைப் படம்பிடிப்பவருக்கு இவையெல்லாம் நன்மையே. அளப்பவருக்குத்தான் தொல்லை.

ஒருவரின் நடையை ஆராய, நீண்ட நடைகூடம் ஒன்றில் படம்பிடிப்பதாக வைத்துக்கொள்ளலாம். கூடத்தின் முதல் பாதியில் சன்னல் வெளிச்சம், மறு பாதி இருட்டு. நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் என்ற சீரான வேகத்தில் 10 நொடி நடக்கிறார். முதல் 5 நொடியில் கைப்பேசி 30 வீதம் 150 பிரேம் எடுக்கிறது, அடுத்த 5 நொடியில் 24 வீதம் 120 பிரேம். மொத்தம் 270 பிரேம், 10 நொடி, ஆகவே சராசரி 27. மென்பொருள் இந்த 27-ஐ எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெளிச்சம் முடியும் 150-ஆவது பிரேம் உண்மையில் 5-ஆம் நொடியில் வந்தது. மென்பொருளின் கணக்கிலோ அது 5.56-ஆம் நொடி. அரை நொடிக்கு மேல் தாமதம்.

வேகத்திலும் அதே கோளாறு. முதல் பாதியில் நடை நொடிக்கு 1.08 மீட்டராகவும், இரண்டாம் பாதியில் 1.35 மீட்டராகவும் தெரியும். சீராக நடந்தவர் கூடத்தின் நடுவில் திடீரென்று வேகமெடுத்தார் என்று அறிக்கை சொல்லும். இது எளிதில் பிடிபடாது என்பதுதான் சிக்கல். சராசரியை வைத்துக் கணக்கிடுவதால் தொடக்கமும் முடிவும் சரியாகப் பொருந்திவிடும், மொத்த நேரமும் 10 நொடி என்றே வரும். பிழை முழுவதும் நடுவில் ஒளிந்திருக்கும். முடுக்கத்தை அளந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே நேரம் இருமடியாக வருகிறது. வெளிச்சமான பகுதியில் ஒரு பந்தை விழவிட்டிருந்தால், புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதில் 7.9 என்று கிடைத்திருக்கும்.

சந்தேகம் வந்தால் கோப்பையே கேட்கலாம். ffmpeg தொகுப்போடு வரும் ffprobe, பிரேம்களின் நேரக்குறிகளை வரிசையாகக் காட்டும்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries frame=pts_time -of csv=p=0 nadai.mp4
```

அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பார்த்தால் போதும். முதல் பாதியில் 0.033, பிற்பாதியில் 0.042 என்று வந்தால் விஷயம் உறுதி. MediaInfo என்ற நிரலும் Frame rate mode என்ற வரியில் Variable என்று சொல்லும். ஆனால் மில்லிநொடிக்கும் குறைவான ஊசலாட்டம் இருந்தாலே அது அப்படிச் சொல்லக்கூடும். அந்த அளவு பெரும்பாலான வேலைகளைக் கெடுக்காது. எனவே சொல்லைவிட எண்களை நம்புவதே நல்லது.

மாற்றும் கட்டளை சிறியது:

```
ffmpeg -i nadai.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a copy seer.mp4
```

இது நேரக்குறிகளைப் படித்து, 1/30 நொடிக்கு ஒரு கட்டமாகக் காலத்தைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குரிய படத்தை வைக்கிறது. படம் இல்லாத கட்டத்தில் முந்தைய படமே மறுபடி வரும். நடைகூட வீடியோவில் முதல் 150 பிரேம் அப்படியே இருக்க, பிந்தைய 120 பிரேம் 150 ஆகிறது. மொத்தம் 300 பிரேம், 10 நொடி. இப்போது 150-ஆவது பிரேம் 5-ஆம் நொடியில் நிற்கிறது.

இதே கட்டளையில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. `-r 30` என்பதை `-i`-க்கு முன்னால் எழுதினால், கோப்பிலுள்ள நேரக்குறிகளைத் தூக்கியெறிந்து பிரேம்களை 30 வீதம் அடுக்கும்படி அர்த்தமாகிவிடும். 270 பிரேம் 9 நொடியில் முடியும், ஒலி மட்டும் 10 நொடி ஓடும். ‘மாறாத வேகம்’ என்ற முத்திரை கிடைத்துவிடும், பிழையும் அதற்குள்ளேயே பத்திரமாக இருக்கும். மாற்றியபின் மொத்த நீளம் பழையபடி இருக்கிறதா, உதட்டசைவும் ஒலியும் கடைசிவரை ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும்.

சரியாக மாற்றிய கோப்பிலும் ஒரு கறை மிஞ்சும். இருட்டுப் பகுதியில் ஒவ்வொரு ஐந்து கட்டத்திலும் ஒன்று நகல். நகலில் கால் நகராததால் அந்தக் கணத்தில் வேகம் சுழி, மற்ற நான்கிலும் 1.5 மீட்டர் என்று வரும். சராசரி 1.2 சரிதான், ஆனால் வரைபடம் ரம்பப் பல் போலிருக்கும். `fps=120` என்று மாற்றினால் நேரம் இன்னும் துல்லியமாக அமையும். 30-உம் 24-உம் 120-ஐ மீதியின்றி வகுப்பதால், ஒரு படம் நான்கு கட்டமோ ஐந்து கட்டமோ பிடித்து, தன் இடத்திலேயே உட்காரும். நகல்களை விட்டுவிட்டு, படம் மாறும் பிரேம்களில் மட்டும் புள்ளி குறித்தால் ரம்பமும் மறையும். இடைப்பட்ட படங்களைக் கணித்து உருவாக்கும் வடிகட்டிகளும் உண்டு. அவை பார்வைக்கு வழுவழுப்பாக இருக்கும். ஆனால் கேமரா பார்க்காத கால்நிலையை அளப்பது அளவாகாது.

நேரக்குறிகளையே வாங்கிக்கொள்ளும் மென்பொருள் கையில் இருந்தால் மாற்றவே தேவையில்லை. ffprobe தந்த பட்டியலை ஒவ்வொரு பிரேமுக்கும் நேரமாகக் கொடுப்பதே எல்லாவற்றிலும் சுத்தமான வழி. எந்த வழியானாலும் கைப்பேசியிலிருந்து நேரடியாக எடுத்த மூலக்கோப்பு வேண்டும். செய்திச் செயலிகள் அனுப்பும்போது வீடியோவை மறுபடி சுருக்குவதால் அசல் நேரக்குறிகள் அதில் தங்கியிருக்கும் என்று நம்ப முடியாது. குதிகால் தரையைத் தொட்ட கணம் இரண்டு படங்களுக்கு நடுவே, அந்த 42 மில்லிநொடி இடைவெளியில் விழுந்திருந்தால், அதை எந்த மாற்றமும் திருப்பித் தராது. அதற்கு Auto FPS-ஐ அணைத்து, கூடத்தின் இருட்டுப் பாதியில் விளக்குப் போட்டு, மறுபடி நடக்கச் சொல்லிப் படம்பிடிக்க வேண்டும்.